மூன்று மருந்துகளை ஒரே வரியில் எழுதியவர்களுக்கு

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் நிதி உதவிக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் மருத்துவக் குழு உறுப்பினர்களுக்கும்,

என் மகளின் கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை அதனுடன் இணைக்கப்பட்டிருந்த குறிப்பில், "கோரப்பட்டுள்ள மருந்து வாய்வழி ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோடைடு, அதன் சிரைவழி வடிவம் ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்பதற்கு விளக்கம் தேவை" என்று எழுதப்பட்டிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், என்னால் ஒரே விளக்கம்தான் தர முடியும். அந்தக் குறிப்பில் சொல்லப்பட்டுள்ள இரண்டு மருந்துகளுமே கிடையாது. ஆன்டிசென்ஸ் என்பது மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி ஒட்டும்படி கோக்கப்பட்ட ஒரு சிறு இழை. என் மகளுக்கு இருக்கும் நோய்க்கு வாயால் விழுங்கும் ஆன்டிசென்ஸ் மருந்தும் இல்லை, சிரையில் ஏற்றும் ஆன்டிசென்ஸ் மருந்தும் இல்லை.

இந்தத் தவறைக் குறிப்பு எழுதிய எழுத்தர் மீது சுமத்த நான் விரும்பவில்லை. அவர் கொள்கை ஆவணத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். 2021ஆம் ஆண்டுக் கொள்கையின் மூன்றாம் பிரிவின் 'பி' பட்டியலில், முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு, அதாவது நாங்கள் எஸ்.எம்.ஏ. என்று அழைக்கும் நோய்க்கு எதிரே, ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோடைடுகள் சிரைவழி, வாய்வழி ஆகிய இரண்டும், மரபணு சிகிச்சையும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் மூன்று மருந்துகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. முதுகுத்தண்டு நீரில் செலுத்துவதைச் சிரைவழி என்றும், சாதாரணச் சிறுமூலக்கூறு மருந்தை ஆன்டிசென்ஸ் என்றும் அது சொல்கிறது. மூன்றில் உண்மையிலேயே சிரை வழியாகச் செல்வது மரபணு சிகிச்சை மட்டும்தான். சொல் பிழைதானே என்று நீங்கள் கடந்து போகலாம். இந்தப் பிழை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்துகளின் வேறுபாடு புரிய வேண்டுமானால் நோயின் இயல்பைச் சற்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் உயிரோடிருக்க எஸ்.எம்.என். என்ற புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் முதன்மை மரபணுவான எஸ்.எம்.என்.1 இக்குழந்தைகளிடம் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ அதே போன்ற இன்னொரு மரபணு, எஸ்.எம்.என்.2, இக்குழந்தைகள் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் அதன் துண்டுகளில் ஏழாவதான எக்ஸானில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும்போது அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கிடைக்கும் புரதமும் நிலைப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் முழுப் புரதம் உருவாகிறது. என் மகளுக்கு எஸ்.எம்.என்.2 மூன்று பிரதிகள் இருக்கின்றன. அதனால்தான் அவள் உட்கார்ந்தாள், ஆனால் எழுந்து நிற்கவில்லை. பத்தொன்பதாவது மாதத்தில் நோய் உறுதியானது.

முதல் மருந்து நூசினெர்சென். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதுதான் உண்மையான ஆன்டிசென்ஸ் மருந்து. பதினெட்டு நியூக்ளியோடைடுகளைக் கொண்ட ஒற்றை இழை. எஸ்.எம்.என்.2 ஆர்.என்.ஏ.வில் ஏழாவது எக்ஸானை அடுத்து, அதைச் சேர்க்காதே என்று தடுக்கும் ஒரு பகுதி உண்டு. எழுத்துக்கு எழுத்து பொருந்தி அந்த இடத்தில் இந்த இழை ஒட்டிக்கொள்கிறது. தடை மறைந்ததும் எக்ஸான் விடுபடாமல் சேர்கிறது. ஆர்.என்.ஏ.வை அது அழிப்பதில்லை, திருத்தி வாசிக்க வைக்கிறது. ஆனால் இதன் எடை ஏழாயிரம் டால்டனுக்கு மேல். இழை முழுவதும் எதிர்மின்னூட்டம். இத்தகைய பொருள் குடலில் உறிஞ்சப்படாது, இரத்தத்தில் விட்டாலும் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் காவலாக நிற்கும் தடுப்பைத் தாண்டாது. ஆகவே இடுப்புப் பகுதியில் ஊசி குத்தி, முதுகுத்தண்டு நீரில் 5 மில்லி அளவில் 12 மில்லிகிராமைச் செலுத்துகிறார்கள். முதல் இரண்டு மாதங்களுக்குள் நான்கு முறை, பிறகு நான்கு மாதங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும். உள்ளே போனால் மாதக்கணக்கில் தங்குவதால்தான் அத்தனை இடைவெளி சாத்தியமாகிறது. ஒவ்வொரு முறையும் தட்டணு எண்ணிக்கையும் இரத்தம் உறையும் தன்மையும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும்.

'சிரைவழி' என்ற சொல் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் பெற்றோர் குழுவில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். முதுகு வளைந்ததால் எலும்பை இணைத்துக் கம்பி வைத்திருக்கிறார்கள். அவனுடைய மருத்துவமனை, பெயர் வேண்டாம், கொள்கை வரியை அப்படியே எடுத்து "பகல்நேரச் சிரைவழி ஏற்றம்" என்று செலவு மதிப்பீடு அனுப்பியது. அந்த மதிப்பீட்டில் மயக்க மருந்து நிபுணருக்கும் இடமில்லை, சி.டி. உதவியோடு ஊசி செலுத்துவதற்கும் இடமில்லை. கம்பிகளுக்கு இடையே ஊசி இறங்கவில்லை என்பது மேசையில் படுக்கவைத்த பிறகுதான் தெரிந்தது. அரை மணி நேரம் முயன்றுவிட்டு நிறுத்தினார்கள். 'முதுகுத்தண்டு நீரில்' என்று ஆவணத்தில் இருந்திருந்தால், முதுகின் நிலை என்ன என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே எழுந்திருக்கும்.

இரண்டாவது மருந்து ரிஸ்டிப்லாம். 2020 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. என் மகள் குடிப்பது இதைத்தான். இதன் மூலக்கூறு எடை சுமார் 401 டால்டன். நாம் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளின் வரிசையில் சேரும் அளவு. குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியே உடலெங்கும், மூளைக்கும் செல்கிறது. குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. வழக்கமான சிறுமூலக்கூறு மருந்துகள் ஏதாவதொரு புரதத்தின் குழிக்குள் புகுந்து அதைத் தடுக்கும் அல்லது தூண்டும். ரிஸ்டிப்லாமோ நூசினெர்சென் வேலை செய்யும் அதே எஸ்.எம்.என்.2 ஆர்.என்.ஏ.விலேயே, அதே ஏழாவது எக்ஸானைச் சேர்ப்பதற்காகவே வேலை செய்கிறது. வெட்டி ஒட்டும் இயந்திரம் அந்த இடத்தில் நன்றாகப் பற்றிக்கொள்ள உதவுகிறது. இலக்கு ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என யாரோ முடிவு செய்துவிட்டார்கள். என் மாணவர்களும் முதல் தேர்வில் இதே தவறைச் செய்வார்கள். நான் அதற்கு மதிப்பெண் குறைப்பேன், அவ்வளவுதான்.

வகை மாறினால் வாழ்க்கையே மாறுகிறது என்பதை எங்கள் சமையலறையில் வந்து பார்க்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குளிர்பெட்டியிலிருந்து பழுப்பு நிறப் புட்டி வெளியே வரும். என் மகளுக்கு இப்போது 14 கிலோ எடை. கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 3.5 மில்லிகிராம், அதாவது 4.7 மில்லி. பழுப்பு நிற வாய்வழிச் சிரிஞ்சில் எடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும், தாமதமானால் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அவள் பாட்டி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். கலந்து வைத்த மருந்து 64 நாள் தாங்கும், ஆனால் எங்களுக்கு ஒரு புட்டி 17 நாளில் தீர்ந்துவிடும். மயக்க மருந்து, படுக்கை, அறுவை அரங்கு எதுவும் தேவையில்லை. இதற்குத்தான் "சிரைவழி வடிவம் ஏன் கூடாது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாம் முறை கோப்பு திரும்பியபோது வந்த கேள்வி வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஆர்.என்.ஏ. ஊசி வந்துவிட்டதாமே, மலிவான அந்த வழியைப் பார்த்தீர்களா என்று நேர்காணலில் ஓர் உறுப்பினர் கேட்டார். அவர் மனத்தில் இருந்தது கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரானாக இருக்க வேண்டும். அது சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ இருபத்தொரு எழுத்து நீளமுள்ள இரட்டை இழை. செல்லுக்குள் போனதும் ஓர் இழை கழன்றுவிட, மற்றொன்று ரிஸ்க் என்ற புரதத் தொகுப்பில் அமர்ந்து, தனக்குப் பொருத்தமான செய்தி ஆர்.என்.ஏ.வைத் தேடித் தேடித் துண்டிக்கிறது. ஒரு புரதம் வேண்டாம், அதைக் குறை என்ற நோய்களுக்கு இது அருமையான கருவி. எங்கள் குழந்தைகளின் நிலை தலைகீழ். அவர்களுக்கு ஒரு புரதம் போதவில்லை. இருக்கும் கொஞ்சம் எஸ்.எம்.என். ஆர்.என்.ஏ.வையும் வெட்டிப் போடும் மருந்தை அவளுக்குக் கொடுக்கச் சொன்னது போலாகும் அந்தக் கேள்வி. மேலும், தோலுக்கடியில் போடும் அந்த ஊசிகளின் நுனியில் கட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறு, கல்லீரல் செல்களின் வாசலை மட்டுமே தட்டுகிறது. தண்டுவடத்தில் இருக்கும் நரம்பணுவுக்கு அந்த முகவரியில் எதுவும் போய்ச் சேராது. இதை நான் விளக்க முயன்றபோது நேரம் முடிந்தது என்றார்கள். அடுத்த வாரம் "மாற்று மருந்து குறித்த பதில் திருப்திகரமாக இல்லை" என்று கோப்பு திரும்பியது.

மூன்றாவது மருந்தைப் பற்றி எழுதுவதுதான் எனக்குக் கடினம். பதினாறு கோடி ரூபாய் ஊசி என்று செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஓனசெம்னோஜீன் என்ற அந்த மரபணு சிகிச்சை 2019 மே மாதம் அமெரிக்காவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒப்புதல் பெற்றது. ஏஏவி9 என்ற தீங்கற்ற வைரஸின் உறைக்குள், பழுதில்லாத எஸ்.எம்.என். மரபணுவின் பிரதியை வைத்து, சிரை வழியாக ஒரு மணி நேரத்தில் ஏற்றுகிறார்கள். பழுதான மரபணுவை அது சரிசெய்வதில்லை. புதிய பிரதி பெரும்பாலும் குரோமோசோமுக்கு வெளியே தனியாகத் தங்கி வேலை செய்கிறது. நரம்பணு பிளவுபடாது என்பதால் அந்தப் பிரதி நீர்த்துப் போகாமல் நிலைக்கிறது. அளவு மில்லிகிராமில் சொல்லப்படுவதில்லை; உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 110 லட்சம் கோடி வைரஸ் பிரதிகள். அத்தனை வைரஸ் உறைகள் ஒரே நாளில் உள்ளே போவதால் கல்லீரல் கடுமையாகச் சீறக்கூடும். முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும், கல்லீரல் நொதிகளையும் தட்டணுக்களையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கல்லீரல் செயலிழந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகளும் உண்டு. ஏஏவி9-க்கு எதிரான எதிர்ப்பான்கள் உடலில் ஏற்கெனவே அதிகம் இருந்தால் இதைத் தரவே முடியாது. ஒருமுறை தந்த பிறகு எதிர்ப்பான்கள் பெருகிவிடுவதால் இரண்டாம் முறைக்கும் வழியில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளை நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது.

கொள்கை ஒரு நோயாளிக்கு உச்சவரம்பாகத் தரும் ஐம்பது லட்சம் ரூபாய் அந்த ஊசிக்கு எந்த மூலைக்கும் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் உங்களிடம் அதற்குப் பணம் கேட்கவில்லை. தயாரிப்பு நிறுவனம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் இலவசமாக மருந்து வழங்கும் ஒரு திட்டத்தை நடத்தி வந்தது. அதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் விண்ணப்பிக்க வேண்டும். எதிர்ப்பான் பரிசோதனை முடிவு என் கையில் இருந்தது. அளவு அனுமதிக்கப்பட்ட 1:50-க்குள்தான் இருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில், கொள்கையில் எல்லா மருந்தும் ஒரே வரியில் இருப்பதால் குழுவின் ஒப்புதல் வராமல் எந்த மருந்துக்கும் கையெழுத்திட இயலாது என்றார்கள். குழு கூடிய நாளில் என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்து முப்பத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. குலுக்கலில் பெயர் வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சீட்டே போடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது விலைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஐம்பது லட்ச ரூபாய் உச்சவரம்பு, மருந்தின் வகையைப் பொறுத்து முற்றிலும் வேறு பொருள் கொள்கிறது. ரிஸ்டிப்லாம் புட்டி ஒன்று ஆறு லட்சத்துக்கு மேல் விற்றபோது, என் மகளின் இன்றைய எடைக்கு ஆண்டுக்கு 22 புட்டிகள் என்றால் ஒரு கோடியே 32 லட்சத்துக்கு மேல். ஐம்பது லட்சத்தில் எட்டுப் புட்டிகள், நாலரை மாதம். அப்போது உங்கள் தயக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு காப்புரிமை வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தடை விதிக்க மறுத்தது. அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஐதராபாத் நிறுவனம் ஒன்று புட்டி 15,900 ரூபாய்க்கு அதே மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எங்கள் ஆண்டுச் செலவு மூன்றரை லட்சத்துக்குள். இருபது கிலோவைத் தொட்டதும் அளவு நாளுக்கு 5 மில்லிகிராமில் நின்றுவிடும், அதன் பின் எடை கூடினாலும் மாறாது. புட்டிக்கு 12 நாள், ஆண்டுக்கு 31 புட்டி, ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே ஐம்பது லட்சம் பத்தாண்டுகள் வரும்.

இந்த விலை வீழ்ச்சி சிறுமூலக்கூறுக்கு மட்டுமே வாய்த்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நானூறு டால்டன் மூலக்கூறைத் தயாரிப்பதும், அது அசலுக்கு நிகரானதுதான் என்று மெய்ப்பிப்பதும் நம் நாட்டு ஆலைகளுக்குக் கைவந்த கலை. பதினெட்டு நியூக்ளியோடைடு இழையையோ ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு கோர்ப்பிலும் நூற்றுக்கு ஒன்று தவறினாலும், பதினேழு கோர்ப்புகள் முடியும்போது நூற்றுக்குப் பதினாறு இழைகள் குறைபட்டுப் போகும். அந்தக் குறை இழைகளைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. மரபணு சிகிச்சையோ உயிருள்ள செல்களில் விளையும் வைரஸ். அதில் மரபணு இல்லாத வெற்று உறைகள் எத்தனை என்பதைத் தொகுதிக்குத் தொகுதி எண்ண வேண்டும். வேதிப்பொருளுக்குச் செய்வது போல, பெயர் ஒன்று, பொருள் ஒன்று என்று அங்கே சொல்லிவிட முடியாது. ஆகவே 'மலிவுப் பதிப்பு வரட்டும், பார்க்கலாம்' என்ற காத்திருப்பு ரிஸ்டிப்லாமுக்குப் பலித்தது போல மற்ற இரண்டுக்கும் பலிக்கும் என்று எண்ண வேண்டாம். பலித்த இடத்திலோ, நீங்கள் இன்னும் காத்திருக்க வைக்கிறீர்கள்.

எந்த மருந்தும் இறந்துபோன நரம்பணுவை மீட்டுத் தராது. என் மகள் ஆறு மாதமாக எங்கள் சொந்தச் செலவில் மருந்து எடுக்கிறாள். முன்பு சாய்ந்துவிடுவாள், இப்போது நேராக உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாள். நிற்கவில்லை. "நடக்கும் திறனில் முன்னேற்றம்" என்ற ஒரே கட்டம் கொண்ட உங்கள் தொடர் அறிக்கைப் படிவத்தில் அவளுக்கு நான் பூஜ்ஜியம்தான் எழுத முடியும்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, கொள்கையின் அந்த வரியைத் திருத்துங்கள். முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் ஆன்டிசென்ஸ் மருந்து, வாய்வழிச் சிறுமூலக்கூறு மருந்து, சிரைவழி மரபணு சிகிச்சை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் போதும், இதற்கு ஒரு பக்கத் திருத்த அறிவிக்கை தவிர வேறெதுவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவமும் அதற்கேற்ப மூன்றாகட்டும். முதலாவதில் முதுகெலும்பின் படமும் மயக்க மருந்து வசதியும், இரண்டாவதில் எடையும் ஆண்டுக்கு வேண்டிய புட்டிகளும், மூன்றாவதில் பிறந்த தேதியும் எதிர்ப்பான் அளவும் முதல் கேள்விகளாக இருக்கட்டும்.

மரபணு சிகிச்சைக்கு வயது வரம்பு நெருங்கும் குழந்தையின் கோப்பைக் குழு கூடும் நாள்வரை வைத்திருக்காமல், பரிசோதனை முடிவு வந்த பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வெளியிலிருந்து கிடைக்கும் இலவச மருந்துத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க உங்கள் ஒப்புதல் தேவையில்லை என்பதை எல்லா அரிய நோய்ச் சிகிச்சை மையங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள்.

ரிஸ்டிப்லாமை மையங்களின் மொத்தக் கொள்முதலில் சேர்த்து, ஐம்பது லட்ச வரம்புக்குள் ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்புதலாக மாற்றுங்கள். தொடர் அறிக்கையில் நடப்பதை மட்டும் கேட்காமல், உட்காருதல், கைப்பயன்பாடு, விழுங்குதல், மூச்சு ஆகியவற்றையும் சேருங்கள். நிலை மோசமாகாமல் நிற்பதையும் பலனாகக் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசியாக, என் மகளின் கோப்பு. உங்கள் குறிப்புக்கான விளக்கத்தை இம்மடலின் முதல் பத்தியில் தந்துவிட்டேன். அதை ஏற்றுக்கொண்டு, அவளது விண்ணப்பத்தை 'வாய்வழிச் சிறுமூலக்கூறு மருந்து, ஆண்டுக்கு 22 புட்டிகள்' என்ற தலைப்பில் மீண்டும் எடுத்து, இம்மாத இறுதிக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால், அதற்கான காரணம் இருக்கிற ஒரு மருந்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எஸ்.எம்.ஏ. பாதித்த ஒரு பெண் குழந்தையின் தந்தை,
மருந்தியல் விரிவுரையாளர்